விளம்பரம் சலித்துவிட்டதா, சைஸ் தீர்ந்துவிட்டதா?

கேள்வி: சின்னதாக ஒரு பொட்டிக் நடத்துகிறேன். ஒரு உடைக்கு இன்ஸ்டாகிராமில் போட்ட விளம்பரம் முதல் இரண்டு வாரம் நன்றாக ஓடியது, இப்போது மெசேஜே குறைந்துவிட்டது. பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? படத்தை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

நாள் கணக்கை அப்புறம் பார்ப்போம். முதலில் ஒன்று. மெசேஜ் குறைந்தவுடன் எல்லாரும் படத்தைத்தான் சந்தேகப்படுகிறார்கள். பாதி நேரம் படத்தின் மேல் தப்பே இருக்காது. அதனால் விளம்பரத்தில் கை வைக்கும் முன், விளம்பரங்களின் கணக்கைக் காட்டும் மெட்டாவின் Ads Manager-ஐக் கம்ப்யூட்டரில் திறந்து, வாரம் வாரமாகப் பிரித்துப் பாருங்கள். Breakdown என்ற இடத்தில் நேரத்தை வைத்துப் பிரிக்கும் வசதி இருக்கிறது, அதில் வாரம் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். நாள் வாரியாகப் பார்க்காதீர்கள். சின்ன பட்ஜெட்டில் நேற்று 30 கிளிக், இன்று 22 கிளிக் என்று வருவதில் ஒரு அர்த்தமும் கிடையாது. அதைப் பார்த்துப் பயந்து நல்ல விளம்பரத்தை நிறுத்தியவர்கள் நிறைய.

பார்க்க வேண்டியது முக்கியமாக இரண்டே எண்கள். ஒன்று Frequency, அதாவது ஒரு ஆள் சராசரியாக எத்தனை தடவை உங்கள் விளம்பரத்தைப் பார்த்தார் என்பது. மொத்தம் எத்தனை தடவை காட்டப்பட்டது என்பதை எத்தனை பேருக்குக் காட்டப்பட்டது என்பதால் வகுத்தால் வருவது. இன்னொன்று CTR, காட்டிய தடவைகளில் நூற்றுக்கு எத்தனை கிளிக் ஆனது என்பது. முதலாவது ஏற ஏற, இரண்டாவது இறங்கிக்கொண்டே வந்தால் அதுதான் சலிப்பு. ஒன்று மட்டும் நகர்ந்தால் சலிப்பு என்று முடிவு கட்டிவிட முடியாது.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு பொட்டிக், நீளமான ஒரு லினன் உடை, வெள்ளைச் சுவர் முன்னால் ஒரு பெண் அதை உடுத்தி நிற்கும் படம். வாரம் வாரம் ஒரே செலவு. முதல் வாரம் 8,000 பேருக்கு 12,000 தடவை காட்டப்பட்டது, Frequency 1.5, CTR 1.8, வந்த மெசேஜ் 27. இரண்டாம் வாரம் Frequency 1.9, CTR 1.6, மெசேஜ் 24. இந்த இடத்தில் யாரும் கவலைப்பட மாட்டார்கள், பட வேண்டியதும் இல்லை. மூன்றாம் வாரம் Frequency 2.4, CTR 1.2, மெசேஜ் 17. நான்காம் வாரம் Frequency 3, CTR 0.8, மெசேஜ் 10. அதே செலவுக்கு 27 இருந்த இடத்தில் 10.

இதில் இன்னும் ஒரு படி உள்ளே போகலாம், எனக்கு ரொம்பப் பிடித்த படி இது. எத்தனை பேருக்குக் காட்டப்பட்டது என்பதைச் சொல்லும் Reach என்ற எண் ஒரே ஆளை இரண்டு முறை எண்ணாது. ஆனால் நீங்கள் வாரா வாரம் வரும் Reach-ஐக் கூட்டினால் அதே ஆள் திரும்பத் திரும்ப எண்ணப்பட்டுவிடுவார். அதனால் கூட்டாதீர்கள். தேதி வரம்பை விளம்பரம் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு வாரக் கடைசி வரைக்கும் வைத்துப் பாருங்கள். நம் கணக்கில் முதல் வாரக் கடைசியில் 8,000, இரண்டாம் வாரக் கடைசியில் 10,500, மூன்றாவதில் 11,600, நான்காவதில் 12,000 என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் நான்காம் வாரத்தில் புதிதாக உங்களைப் பார்த்தவர்கள் வெறும் 400 பேர். அந்த வாரம் விளம்பரம் போய்ச் சேர்ந்தது 3,800 பேருக்கு. மீதி 3,400 பேரும் ஏற்கெனவே பார்த்துவிட்டு, வேண்டாம் என்று விரலால் தள்ளிவிட்டுப் போனவர்கள். அவர்களிடமே அதே படத்தை நீட்டிக்கொண்டிருக்கிறோம்.

Frequency எத்தனை வந்தால் ஆபத்து என்று கேட்பீர்கள். எல்லாருக்கும் பொருந்தும் ஒரு எண் கிடையாது. ஏற்கெனவே உங்கள் பக்கத்துக்கு வந்து போனவர்களுக்கு, கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் விட்டவர்களுக்கு மட்டும் காட்டும் விளம்பரம் 5, 6 என்று போனாலும் தாங்கும். உங்களை அறியாதவர்களுக்குக் காட்டுவது அதற்கு முன்பே களைத்துவிடும். அதனால் உங்கள் விளம்பரத்தை அதன் முதல் வாரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். CTR முதல் வாரத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்து, Frequency-யும் ஏறியிருந்தால் நான் அடுத்த படத்தை உள்ளே கொண்டுவருவேன். மேலே சொன்ன கணக்கில் அது மூன்றாம் வாரம். இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவும் Delivery பகுதியில் சில நேரம், விளம்பரம் சலித்துவிட்டது என்ற பொருளில், Creative fatigue என்று காட்டும். அது வருவது உங்கள் பழைய விளம்பரங்களைவிட ஒரு மெசேஜுக்கு ஆகும் செலவு இரண்டு மடங்கு ஆன பிறகு. அதுவரை காத்திருந்தால் பணம் போனது போனதுதான்.

சரி, சலிப்பு மாதிரியே தெரியும் ஆனால் சலிப்பு இல்லாத விஷயங்கள். பொட்டிக்கில் இது அடிக்கடி நடக்கும். CTR அப்படியே இருக்கிறது, கிளிக் வருகிறது, ஆனால் ஆர்டர் இல்லை என்றால் படம் தன் வேலையைச் செய்துவிட்டது. கோளாறு அதற்குப் பின்னால். நான் ஒருமுறை இரண்டு நாள் உட்கார்ந்து புதுப் படங்கள் எடுத்து மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் இன்பாக்ஸைத் திறந்தால் வரிசையாக 'எம் சைஸ் இருக்கிறதா', 'எல் சைஸ் இருக்கிறதா' என்ற கேள்விகள். இரண்டும் பத்து நாளைக்கு முன்பே தீர்ந்துவிட்டன. எக்ஸ்எஸ் மட்டும் மிச்சம் இருந்த உடைக்கு நான் புதுப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்! இரண்டாவது, CTR அப்படியே இருந்து CPM, அதாவது ஆயிரம் தடவை காட்ட ஆகும் செலவு மட்டும் ஏறினால், அது வெளியில் போட்டி கூடியிருப்பதைக் காட்டுகிறது. பெரிய கடைகள் எல்லாம் தள்ளுபடி விளம்பரம் போடும் நேரத்தில் அப்படித்தான் ஆகும். படத்தை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

சலிப்புதான் என்று உறுதியானால் மாற்றுவது எப்படி? அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. அதே பெண், அதே உடை, சுவரை மட்டும் வெள்ளையிலிருந்து ரோஸ் கலருக்கு மாற்றி, எழுத்தின் ஃபாண்டை மாற்றி, புதுசு என்று போடுவார்கள். வேகமாக விரலை ஓட்டிக்கொண்டு போகிறவருக்கு அது பழைய விளம்பரம்தான். அரை நொடியில் தெரிந்துவிடும், தள்ளிவிடுவார். மாற வேண்டியது முதல் காட்சியும், அந்த உடையை வாங்க நீங்கள் சொல்லும் காரணமும்.

அந்தக் காரணத்தை எங்கே தேடுவது என்றால், உங்கள் கமெண்டிலும் இன்பாக்ஸிலும். லினன் உடை உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கமெண்டில் நான்கைந்து பேர் பாக்கெட் இருக்கிறதா என்று கேட்டிருந்தால், அடுத்த வீடியோ ஒரு கை பாக்கெட்டுக்குள் போய் மொபைலை வைத்துவிட்டு வருவதில் தொடங்கட்டும். முகம்கூட வேண்டாம். துணி உள்ளே தெரியுமா என்று கேட்டிருந்தால், ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே துணியைப் பிடித்துக் காட்டும் ஒரு நெருக்கமான படம். உயரம் குறைவானவருக்கு எப்படி இருக்கும் என்ற கேள்வி வந்தால், மூன்று வேறு உயரமுள்ளவர்கள் அதே உடையில் நிற்கும் மூன்று படங்கள், ஒன்றின் பின் ஒன்றாகத் தள்ளிப் பார்க்கும் வகையில். ஒரே உடை, மூன்று வேறு விளம்பரம். ஒரு மதிய நேரத்தில் மொபைலிலேயே எடுத்துவிடலாம். எனக்குக் கேட்டால், செலவு செய்து ஸ்டுடியோவில் எடுத்த பத்துப் படங்களைவிட இந்த மூன்றும் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும், ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு ஒரு தயக்கத்துக்குப் பதில் சொல்கிறது.

இவற்றை உள்ளே போடும்போது பழைய விளம்பரத்தையே திறந்து படத்தை மாற்றாதீர்கள். புதிய விளம்பரமாகச் சேர்த்து, பழையதை நிறுத்தி வையுங்கள், அழிக்க வேண்டாம். இரண்டு மாதம் கழித்து, உங்களைப் பார்க்கும் ஆட்கள் ஓரளவு மாறிய பிறகு, அதே வெள்ளைச் சுவர்ப் படம் திரும்பவும் ஓடலாம். பழையதை ஓடவிட்டுக்கொண்டே புதியதைச் சேர்த்தால், பல நேரம் மெட்டா தனக்குப் பழக்கமான பழையதற்கே செலவையெல்லாம் கொடுத்துவிடும். புதியது 200 தடவை காட்டப்பட்டு மூலையில் கிடக்கும். அதைப் பார்த்துப் புதுப் படம் சரியில்லை என்று முடிவு செய்வது பாவம்.

இன்னொரு விஷயம், தினமும் ஒன்று மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். ஒரே வகை ஆட்களுக்குக் காட்டும் விளம்பரங்களின் தொகுப்பான Ad set-இல் புது விளம்பரம் சேர்த்தால் Learning கட்டம் மறுபடி தொடங்கும். யாருக்குக் காட்டினால் பலன் வரும் என்று மெட்டா பழகிக்கொள்ளும் கட்டம் அது. அதிலிருந்து வெளியே வர ஒரு வாரத்துக்கு ஏறத்தாழ 50 பலன்கள் வேண்டும், நம் விஷயத்தில் 50 மெசேஜ். வாரம் 27 மெசேஜ் வரும் கடைக்கு அது எட்டாத எண். ஆகவே அங்கேயும் இங்கேயும் தொட்டுக்கொண்டிருந்தால் அது பழகவே பழகாது. மூன்று படத்துக்கு மூன்று Ad set திறப்பதும் அதே தப்பு, இருக்கும் 27-ஐ மூன்றாகப் பிரித்துவிடுகிறீர்கள். ஒரே Ad set-இல் ஒரே நாளில் இரண்டு மூன்றையும் சேர்த்துப் போடுங்கள், ஒரு வாரம் கை வைக்காதீர்கள்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். காலண்டரைப் பார்த்து மாற்ற வேண்டாம். சின்ன வட்டத்துக்குக் காட்டுகிறவர்களுக்கு மூன்று வாரத்தில் மாற்ற வேண்டியிருக்கும், பெரிய வட்டத்துக்குக் குறைந்த செலவில் காட்டினால் இரண்டு மாதம் ஓடும். திங்கள் காலையில் பத்து நிமிடம் அந்த இரண்டு எண்களைப் பாருங்கள், கையில் எப்போதும் அடுத்த இரண்டு வீடியோ தயாராக இருக்கட்டும், அவ்வளவுதான்.

ஒருவேளை பாக்கெட் வீடியோ போட்டும் CTR 0.9-ஐத் தாண்டவில்லை, உயரப் படங்கள் போட்டும் அதே கதை என்றால், அந்த 12,000 பேரில் வாங்குகிறவர்கள் வாங்கிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது படத்தை விட்டுவிட்டு வட்டத்தைப் பெரிதாக்குங்கள். வயது வரம்பைத் தளர்த்தலாம், ஊர் எல்லையை விரிக்கலாம். புதிய ஆட்களிடம் போகும்போது முதலில் போட வேண்டியது எது தெரியுமா? நிறுத்தி வைத்திருக்கும் அந்தப் பழைய வெள்ளைச் சுவர்ப் படம். அவர்கள் அதைப் பார்த்ததே இல்லை.