ஆல்வேஸ், ஜஸ்ட், ஸ்டில்: ஹெல்பிங் வெர்புக்கு முன்னாலா, பின்னாலா?

கேள்வி: சார், "ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்" என்று ஹேவுக்குப் பின்னால் போடச் சொன்னீர்கள். ஆனால் "ஹி ஸ்டில் ஹேஸன்ட் கம்" என்பதில் ஸ்டில் முன்னாலேயே வந்துவிடுகிறதே? எது சரி?

இரண்டும் சரிதான். அந்த ஹேஸன்ட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'நாட்'தான் ஸ்டில்லை முன்னால் தள்ளுகிறது. அதற்கு வருவதற்கு முன், நாட் இல்லாத வாக்கியத்தைப் பார்த்துவிடலாம். அங்கே ஆல்வேஸ், ஜஸ்ட், ஸ்டில் மூன்றுக்கும் ஒரே இடம்தான்.

ராணி இங்கே வேலை செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "ராணி ஸ்டில் வொர்க்ஸ் ஹியர்." இதில் ஹெல்பிங் வெர்ப் இல்லை, அதனால் ஸ்டில் நேராக மெயின் வெர்புக்கு முன்னால் வந்துவிட்டது. கன்டினியுவஸ் ஆக்கினால் "ராணி இஸ் ஸ்டில் வொர்க்கிங் ஹியர்". இறந்த காலத்தில் "வாஸ் ஸ்டில் வொர்க்கிங்". எதிர்காலத்தில் வில், பி என்று இரண்டு ஹெல்பிங் வெர்ப் வருகின்றன: "வில் ஸ்டில் பி வொர்க்கிங்". எத்தனை இருந்தாலும் முதலாவதை மட்டும் பாருங்கள், அதற்கு அடுத்த இடம் இவற்றுக்கு. "ராணி ஹேஸ் ஆல்வேஸ் பீன் ட்ரீட்டட் வெல்" என்பதிலும் ஆல்வேஸ் ஹேஸுக்குப் பின்னால்தான், பீனுக்குப் பின்னால் இல்லை.

ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் தனியாக வந்தாலும் அப்படித்தான்: "ராணி இஸ் ஆல்வேஸ் லேட்". இங்கே இஸ்தான் மெயின் வெர்ப், ஆனாலும் ஆல்வேஸ் பின்னால் போகிறது. கேள்வி கேட்கும்போது இஸ் தானே முன்னால் வந்து நிற்கும், டஸ்ஸைக் கூப்பிடாது. அதனால் அதை ஹெல்பிங் வெர்ப் மாதிரியே நடத்துகிறார்கள்.

ஹேவ், ஹேஸ் விஷயத்தில்தான் நிறையப் பேர் சறுக்குவார்கள். "ஹி ஹேஸ் ஆல்வேஸ் டீ இன் தி மார்னிங்" என்று எழுதுவார்கள். அது தப்பு. காலையில் டீ குடிப்பான் என்னும்போது ஹேஸ் மெயின் வெர்ப், அதனால் "ஹி ஆல்வேஸ் ஹேஸ் டீ". சந்தேகம் வந்தால் ஹேஸுக்குப் பிறகு இன்னொரு வெர்ப் இருக்கிறதா என்று தேடுங்கள். டீ வெர்ப் இல்லையே! அதே மாதிரி "ஐ ஸ்டில் ஹேவ் ஃபீவர்".

சரி, இப்போது நாட். ஸ்டில்லுக்கு ஒரு பிடிவாதம் உண்டு, அது நாட்டுக்கு முன்னால்தான் நிற்கும். "ஹி இஸ் ஸ்டில் நாட் ரெடி" என்று பிரித்துச் சொன்னால் இஸுக்கும் நாட்டுக்கும் நடுவில் இடம் கிடைக்கிறது, அங்கே உட்கார்ந்துகொள்கிறது. சுருக்கி இஸன்ட் என்று சொன்னால் நடுவில் இடமே இல்லை. அதனால் மொத்தத்துக்கும் முன்னால் போய்விடுகிறது: "ஹி ஸ்டில் இஸன்ட் ரெடி". நீங்கள் கேட்ட "ஹி ஸ்டில் ஹேஸன்ட் கம்" இப்படி வந்ததுதான். "ஹி ஸ்டில் டஸன்ட் நோ" என்பதும் அப்படியே. நாம் 'இன்னும் வரவில்லை' என்று நினைத்துக்கொண்டு "ஹி டிடன்ட் கம் ஸ்டில்" என்று கடைசியில் போட்டுவிடுகிறோம். வாக்கியத்தின் கடைசியில் வேண்டுமென்றால் யெட் போடுங்கள்: "ஹி ஹேஸன்ட் கம் யெட்".

ஆல்வேஸ் இதற்கு நேர்மாறு, நாட்டுக்குப் பின்னால் வரும். "ஹி டஸன்ட் ஆல்வேஸ் கம் ஆன் டைம்" என்றால் சில நாள் நேரத்துக்கு வருவான், சில நாள் வரமாட்டான். எப்போதுமே வரமாட்டான் என்று சொல்லத்தான் சிலர் "ஹி ஆல்வேஸ் டஸன்ட் கம்" என்கிறார்கள். அதற்கு நெவர் இருக்கிறது: "ஹி நெவர் கம்ஸ் ஆன் டைம்".

ஜஸ்ட் இரண்டு பக்கமும் போகும், ஆனால் பொருள் மாறிவிடும். "ஐ ஜஸ்ட் டோன்ட் சிங்" என்றால் நான் பாடுவதே இல்லை, அவ்வளவுதான், விடுங்கள் என்று அர்த்தம். "ஐ டோன்ட் ஜஸ்ட் சிங்" என்றால் பாடுவது மட்டும் இல்லை, வேறு ஏதோவும் செய்கிறேன். கேட்பவர் "ஐ டான்ஸ் டூ" மாதிரி ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருப்பார். பரீட்சையில் இந்த இரண்டையும் மாற்றி எழுதினால் கிராமர் சரியாக இருக்கும், விடை தப்பாகிவிடும்.

கேள்வி வாக்கியத்தில் எழுவாயையும் தாண்டி வைக்க வேண்டும்: "இஸ் ராணி ஸ்டில் வொர்க்கிங் ஹியர்?" ராணிக்கு முன்னால் ஸ்டில் வராது. அப்புறம், ஒற்றை வரியில் பதில் சொல்லும்போது மட்டும் ஹெல்பிங் வெர்ப் கடைசிக்குப் போய்விடும். "ஆர் யூ ஆல்வேஸ் திஸ் பிஸி?" என்று கேட்டால் "யெஸ், ஐ ஆல்வேஸ் ஆம்" என்பதுதான் பதில். "யெஸ், ஐ ஆம் ஆல்வேஸ்" என்று நிறுத்தினால் வாக்கியம் முடியாத மாதிரி தொங்கும்.