வட்டில் நிறைந்தும் வயிறு நிறையாத வயது

(தக்கலையில் பெற்றோர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, பெரியவர்களே,

"இப்பத்தான் மூணு வட்டில் சோறு தின்னான், அதுக்குள்ள பசிக்குதுங்கான்." பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. வளர்கிற உடம்பு, அதனால் தின்கிறான் என்று நாமே பதிலும் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பதில் பாதிதான் சரி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வேகமாக வளரும் ஆண்டில் பையன் 9 சென்டிமீட்டருக்கு மேல் உயரலாம், எடையும் 9 கிலோ வரை கூடலாம். அதாவது நாளொன்றுக்கு 25 கிராம் புதிய உடம்பு. ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 2 கலோரி என்று வைத்தால் 50 கலோரி ஆகிறது. நம்மூர் மட்டிப்பழம் சின்னதாக ஒன்று போதும்! வளர்ச்சி என்ற வேலைக்கு நேரடியாகப் போகும் செலவு அவ்வளவுதான்.

அப்படியானால் மற்றதெல்லாம் எங்கே போகிறது? வளர்ந்துவிட்ட உடம்பை நடத்துவதற்குப் போகிறது. 35 கிலோ பையன் அசையாமல் படுத்துக் கிடந்தாலும் நாளுக்கு ஏறக்குறைய 1280 கலோரி செலவாகும். அவனே 50 கிலோ ஆனதும் அது 1540 ஆகிறது. ஓடுவது, மாடி ஏறுவது, பந்து விளையாடுவது எல்லாம் அந்தக் கூடுதல் எடையைத் தூக்கிக்கொண்டுதான் நடக்கின்றன. அதனால்தான் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் தந்த அளவில், 10–12 வயதுப் பையனுக்கு 2220 கலோரி என்றிருப்பது 13–15 வயதில் 2860 ஆகிவிடுகிறது.

இனி வட்டிலுக்கு வருவோம். வெந்த சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். 100 கிராம் சோற்றில் 130 கலோரிதான் இருக்கிறது. 2860 கலோரியையும் சோற்றிலிருந்தே எடுப்பதென்றால் 2 கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். நம் கண்ணுக்கு மலைபோலத் தெரிவது அவன் உடம்புக்கு அவ்வளவு பெரிதல்ல.

50 கிலோ எடையுள்ள 14 வயதுப் பையனின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் சட்னியோடு மூன்று தோசை, 400 கலோரி. மதியம் 300 கிராம் சோறும் சாம்பாரும், 480. மாலையில் 300 கிராம் அவித்த மரச்சீனிக் கிழங்கு, காந்தாரி மிளகாய்த் துவையலோடு, 400. இரவு மறுபடியும் அதே அளவு சோறு, ஒரு துண்டு மீன், 500. மொத்தம் 1800ஐ ஒட்டி வரும். இன்னும் ஆயிரம் கலோரி பாக்கி. இரவு பத்து மணிக்கு அவன் அடுக்களையில் பிஸ்கட் டப்பாவைத் தேடுவது அதற்காகத்தான்.

இந்த நான்கு வேளையிலும் சிக்கல் எங்கே என்றால், மாலை வேளையில். அந்தக் கிழங்கில் புரதம் 4 கிராம்கூடத் தேறாது. புரதமும் கொழுப்பும் இல்லாத மாவுணவு இரைப்பையிலிருந்து சீக்கிரம் இறங்கிவிடும். வயிறு நிறைந்த மாதிரி இருந்து, டியூஷன் முடிந்து வருவதற்குள் காலியாகிவிடும். கிழங்கை நிறுத்தச் சொல்லவில்லை. அதோடு தேங்காய் அரைத்த சாளைக் கறி வையுங்கள். 100 கிராம் சாளையில் 20 கிராம் அளவு புரதம் கிடைக்கும். மீன் இல்லாத நாளில் 50 கிராம் சிறுபயறை அவித்துக் கொடுத்தால் 12 கிராம் கிடைக்கும். காலையில் இரண்டு முட்டை, இரவில் ஒரு தம்ளர் பால், பள்ளிக்கூடப் பையில் ஒரு கைப்பிடி வறுத்த கடலை, ஒரு ஏத்தன்பழம். இவற்றையும் சேர்த்தால் அந்த ஆயிரத்தில் பெரும்பகுதி அடைந்துவிடும், சோற்றின் அளவைக் கூட்டாமலே.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அவர்களுக்கு இந்த வேகம் 11, 12 வயதிலேயே வந்துவிடும், பெரும்பாலும் வயதுக்கு வருவதற்கு முன்பே. அந்த நேரத்தில் "பொட்டப்பிள்ளைக்கு இவ்வளவு எதுக்கு" என்று அளவைக் குறைத்தால், உயரம் கூடுகிற ஆண்டிலேயே குறைக்கிறோம். வயதுக்கு வந்தபின் பெரும்பாலோர் 5 முதல் 7 சென்டிமீட்டர்தான் வளர்வார்கள்.

வேக வளர்ச்சிதானா என்று அறிய, கதவு நிலையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பென்சிலால் கோடு போடுங்கள். காலையில் எழுந்தவுடன் அளக்க வேண்டும். மாலைக்குள் முதுகெலும்பு சற்று அமுங்கி ஒரு சென்டிமீட்டர் வரை குறைந்து காட்டும். இரண்டு கோடுகளுக்கு இடையே 2 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் பசிக்குக் காரணம் அதுதான் என்று கொள்ளலாம்.

நிறையத் தின்றும் எடை குறைகிறதென்றால் அது வேறு சங்கதி. அதோடு தாகம், அடிக்கடி சிறுநீர், இரவில் படுக்கை நனைதல் இவையும் சேர்ந்தால் முதல் வகை சர்க்கரை நோயாக இருக்கலாம். அன்றைக்கே இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். மறுநாள் வெறும் வயிற்றில் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். சாப்பிட்ட பிறகு எடுத்தாலும் அந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.