‘பதறினா சிதறும்’: பிள்ளைகிட்ட ஒரு பழமொழியை எப்படிக் கொண்டு போறது?

வணக்கம் மக்களே. வெளிநாட்டுல பிறந்த அஞ்சு, ஆறு வயசுப் பிள்ளைகளுக்காக இன்னைக்கு ஒரே ஒரு பழமொழியை எடுத்துக்கலாம். ‘பதறாத காரியம் சிதறாது.’

முதல்ல இதைச் சின்னதாக்கணும். பதறாத, சிதறாது... ஒரே வரியில ரெண்டு ‘இல்லை’ இருக்கு. வீட்டுல மட்டும் தமிழ் கேக்குற பிள்ளை அதைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கத் திணறும். அதனால ‘பதறினா சிதறும்’. எதுகையும் அப்படியே நிக்குது பாருங்க. முழு வரியை அப்புறம் கொடுத்துக்கலாம்.

அடுத்து, எப்போ சொல்றதுன்னு பார்ப்போம். குளிர்காலக் காலை. ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னு பிள்ளை ஜாக்கெட் ஜிப்பை வெடுக்குனு இழுக்கும், ஜிப் துணியைக் கவ்விக்கிட்டு பாதியில நிக்கும். மாட்டின பிறகு ‘பாத்தியா, பதறினா சிதறும்!’னு சொன்னா அது குத்திக்காட்டுறது. நாலு தடவை அப்படி ஆச்சுன்னா, அந்தச் சொல்லைக் கேட்டாலே திட்டு வரப்போகுதுன்னு பிள்ளை முகம் சுருங்கிடும். பழமொழி வீட்டுல தோத்துப் போறது பெரும்பாலும் இங்கதான்.

இழுக்கிறதுக்கு முன்னாடியே சொல்லணும். பக்கத்துல குனிஞ்சு, ‘பதறினா...’ன்னு பாதியில நிறுத்துங்க. ‘சிதறும்’னு பிள்ளை முடிக்கட்டும். முடிக்கிற நேரத்துல கையும் கொஞ்சம் நிக்கும். உடனே வேலையைக் காட்டுங்க: ஜிப்போட அடி முனையை அடிவரைக்கும் சொருகு, ஒரு கையால கீழ இழுத்துப் பிடி, இன்னொரு கையால மேல ஏத்து. நிதானம்னா என்னன்னு விளக்கவே வேண்டாம், இந்த மூணு அசைவுல அது இருக்கு.

பிள்ளைக்கு மட்டுமே சொன்னா அது அதிகாரம் ஆயிடும். கார் சாவியைத் தேடும்போது உங்களுக்கு நீங்களே சத்தமா சொல்லிக்கோங்க.

எல்லாப் பழமொழியையும் எடுத்துட்டு வரணும்னும் இல்ல. ‘அடியாத மாடு படியாது’ அங்கேயே கிடக்கட்டும். ஸ்வீடன்ல 1979லேயே பிள்ளைகளை அடிக்கிறதுக்குச் சட்டம் தடை போட்டுடுச்சு, ஸ்காட்லாந்துல 2020ல. சட்டம் இல்லாத ஊர்லயும் அந்தக் கருத்து நமக்கு எதுக்கு?

சரி, ஒட்டிக்கிச்சான்னு எப்படித் தெரியும்? விருந்தாளி முன்னாடி ஒப்பிக்கச் சொல்லாதீங்க. அது மனப்பாடத்தைத்தான் காட்டும். நீங்க சொல்லித் தராத இடத்துல வருதான்னு பாருங்க. லெகோ கோபுரத்தோட கடைசிக் கட்டையை வைக்கும்போது தனக்குத்தானே முணுமுணுத்தா ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம். அப்போ போனை எடுத்து வீடியோ பிடிக்காதீங்க, அடுத்த தடவை கேமராவுக்காகச் சொல்லும். ‘சிதறும்’ல ‘ற’ சரியா வரலைன்னாலும் அந்த நேரத்துல திருத்தாதீங்க. உச்சரிப்பைக் கதை படிக்கும்போது பாத்துக்கலாம்.