சம்பளத்தை மணிக்கணக்கில் பிரித்துப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நெல்லை டவுனில் ஒரு மெடிக்கல் ஷாப் கவுண்டரில் வேலையைத் தொடங்கி, இப்போது பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்தகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். டி.பார்ம் முடித்த பிள்ளைகள் அடிக்கடி வந்து, "அக்கா, எந்த வேலைக்குப் போகட்டும்?" என்று கேட்பார்கள். அப்படி வந்த ஒரு பெண்ணின் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

அவளுக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. இரண்டு வருடப் படிப்பும் 500 மணி நேரப் பயிற்சியும் முடித்து, தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவும் வாங்கிவிட்டாள். கையில் இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று டவுனில் ஒரு மருந்துக்கடை. மாதம் 15,000 ரூபாய், பிடித்தம் எதுவும் கிடையாது. இன்னொன்று வண்ணார்பேட்டையில் ஒரு மருத்துவமனை மருந்தகம். 14,000 ரூபாய், அதிலும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிப்பார்கள். அவளுடைய அப்பா கடை வேலைதான் நல்லது என்று சொல்லிவிட்டார். கையில் அதிகம் வருகிறதே என்பது அவர் கணக்கு.

நான் ஒரு தாளை எடுத்து நேரத்தை எழுதச் சொன்னேன். கடையில் காலை 9 முதல் இரவு 9 வரை வேலை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போனால் 11 மணி நேரம். மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் விடுமுறை, ஆக 28 நாள். மொத்தம் 308 மணி நேரம். 15,000-ஐ அதால் வகுத்தால் மணிக்கு 49 ரூபாய்கூட வரவில்லை.

மருத்துவமனையில் 8 மணி நேர ஷிப்ட், 26 நாள், மொத்தம் 208 மணி நேரம். அங்கே முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். பிடிக்கிறார்கள். 14,000-க்கு 12 சதவீதம் என்றால் 1,680 ரூபாய். இ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம், 105 ரூபாய். கையில் வருவது 12,215. மணிக்கு 58 ரூபாய்க்கு மேல். அந்த 1,680 எங்கேயும் போய்விடவில்லை, அவள் பெயரில்தான் சேர்கிறது. நிறுவனமும் தன் பங்கைப் போடுகிறது. இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அப்பா அம்மாவையும் சார்ந்திருப்போராகச் சேர்க்க வழி உண்டு.

கடைக்காரர் பிடித்தம் செய்யாதது ஏமாற்று இல்லை. பி.எஃப். பொதுவாக 20 பேர் வேலை செய்யும் இடத்துக்கும், இ.எஸ்.ஐ. 10 பேர் உள்ள இடத்துக்கும்தான் கட்டாயம். அந்தக் கடையில் இருப்பதே 4 பேர். ஆனால் 11 மணி நேரம் என்பது வேறு விஷயம். தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பதுதான் வழக்கமான வரம்பு. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்பு வீதத்தில் கூலி கொடுக்க வேண்டும். 2021-இல் அந்தச் சட்டத்தில் செய்த திருத்தப்படி, வேலை செய்பவர் உட்கார இருக்கையும் வைக்க வேண்டும். நேர்காணலுக்குப் போகும்போது கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். அதை வைத்தே முதலாளியைப் பற்றிப் பாதி தெரிந்துகொள்ளலாம்.

சரி, ஷிப்டுக்கு வருவோம். மருத்துவமனையில் காலை 6 முதல் 2, 2 முதல் 10, இரவு 10 முதல் 6 என்று மூன்று ஷிப்ட் மாறி மாறி வரும். இரவு 10 மணிக்கு வண்ணார்பேட்டையில் வேலை முடிந்து கல்லிடைக்குறிச்சிக்கு ஒரு பெண் தனியாகத் திரும்ப முடியுமா? இதை வேலையில் சேர்ந்த பிறகு யோசிக்கக் கூடாது. அவளை அங்கேயே கேட்கச் சொன்னேன். மருத்துவமனை விடுதியில் இடம் இருந்தது, மாதம் 1,500 ரூபாய். அதையும் கழித்தால் கையில் 10,715, மணிக்கு 51 ரூபாய் சொச்சம். இப்போதும் கடையைவிடக் குறையவில்லை. விடுதி இல்லாமல் வெளியே அறை எடுக்க வேண்டியிருந்தால் கடை வேலைதான் முந்தியிருக்கும். கடை 9 மணிக்கு மூடினாலும் வீடு திரும்பும் கவலை இருக்கத்தான் செய்கிறது. ஆகவே இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும், அவரவர் ஊரை வைத்துத்தான் போட வேண்டும்.

அப்புறம், கடை வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். மருந்துக்கடை லைசென்ஸ் பார்மசிஸ்ட்டின் பெயரைச் சேர்த்துத்தான் வாங்கப்படுகிறது. நான் முதல் கடையிலிருந்து விலகியபோது முதலாளி அதை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குத் தெரிவிக்கவில்லை. பொறுப்பாளர் மாறினால் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது லைசென்ஸின் நிபந்தனை. என் பெயர் பழைய கடையிலேயே கிடந்ததால் அடுத்த கடையில் என்னைச் சேர்க்க முடியவில்லை. நல்ல வேலை ஒன்று கைவிட்டுப் போனது. ஆகவே விலகும் நாளில் விலகல் கடிதத்தின் நகலில் முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள். நீங்களும் அந்த அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

"நீ வர வேண்டாம்மா, சர்ட்டிபிகேட்டை மட்டும் கொடு, மாதாமாதம் ஏதோ தருகிறேன்" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கொடுக்கவே கொடுக்காதீர்கள். நீங்கள் இல்லாதபோது தவறான மருந்து கைமாறினாலும் பொறுப்பாளர் என்று இருப்பது உங்கள் பெயர். பதிவுச் சான்று கடைச் சுவரில் தொங்கலாம். டிப்ளமோ, மதிப்பெண் பட்டியலின் அசலைக் காட்டிவிட்டு அன்றைக்கே திரும்ப வாங்கிவிடுங்கள்.

வேலை எங்கே இருக்கிறது என்று அறிய, மொத்த மருந்து வியாபாரிகளிடமிருந்து கடைகளுக்குச் சரக்கு கொண்டுவருகிறவர்களைக் கேளுங்கள். எந்தக் கடையில் ஆள் நிற்பதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். சேரும் முன் ஒருநாள் இரவு 8 மணிக்கு அந்தக் கடையில் ஒரு மாத்திரை அட்டை வாங்கிப் பாருங்கள். பில் தருகிறார்களா, சீட்டைப் பார்த்து மருந்து கொடுப்பது யார் என்று கவனியுங்கள்.

மேலே வளர வழி இருக்கிறதா என்று அறிய ஒரு கேள்வி போதும்: "எனக்கு முன்னால் இந்த இடத்தில் இருந்தவர் இப்போது எங்கே?" மருத்துவமனையில் கேட்டதற்கு, அவர் ஸ்டோரில் கொள்முதல் பார்க்கிறார் என்று பதில் வந்தது. கடையில், அவர் நின்றுவிட்டார் என்றார்கள், அவருக்கு முந்தியவரும் அப்படியே.

அந்தப் பெண்ணின் அக்கா பி.காம். படித்தவள். இன்னொரு மருத்துவமனையில் அவளுக்கு பில்லிங் வேலையும் இன்சூரன்ஸ் டெஸ்க்கும் ஒரே சம்பளத்தில் வந்தன. இன்சூரன்ஸ் டெஸ்க்கைத்தான் எடுக்கச் சொன்னேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கும் தனியார் பாலிசிகளுக்கும் முன் அனுமதி வாங்குவது, கம்பெனி கேட்கும் விளக்கத்துக்கு நோயாளியின் ஃபைலைப் படித்துப் பதில் எழுதுவது, குறைத்துக் கொடுத்த தொகைக்கு மறுபடி முறையிடுவது எல்லாம் அங்கே பழகும். அதைத் தெரிந்தவரை எந்த மருத்துவமனையும் கூப்பிட்டு எடுக்கும். ஆனால் கல்லாவில் பணம் குறைந்தாலோ கிளெய்ம் தள்ளுபடியானாலோ சம்பளத்தில் பிடிப்பார்களா என்று கேட்டு, பதிலை நியமனக் கடிதத்தில் எழுதி வாங்கச் சொன்னேன்.

தங்கச்சி மருத்துவமனையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. வெளிநோயாளி கவுண்டரிலிருந்து உள்நோயாளி மருந்தகத்துக்கு மாறியிருக்கிறாள். வார்டுகள் மருந்து கேட்டு அனுப்பும் இண்டென்ட்டைப் பார்ப்பதும், காலாவதி நெருங்கும் மருந்தைத் திருப்பி அனுப்புவதும் கைவந்துவிட்டன. அப்பா இப்போது கல்லிடைக்குறிச்சியில் கடைக்கு இடம் பார்க்கிறார். சில்லறை லைசென்ஸுக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் வேண்டும் என்று போன வாரம் அவரிடம் சொல்லியிருக்கிறேன். பார்த்த இடம் கொஞ்சம் சின்னது என்று வேறு இடம் தேடுகிறார். வணக்கம்.