வீடு பார்க்க வாறமெண்டு சொல்லிப்போட்டு

நேயர்களுக்கு வணக்கம். என்னிடம் மூன்று வீட்டுத் திறப்புகள் இருக்கின்றன. மூன்றும் என் வீடில்லை. சொந்தக்காரர் வெளிநாட்டில், வாடகைக்கு ஆள் வந்தால் திறந்து காட்டுகிற வேலை மட்டும் என்னுடையது. யாழ்ப்பாணத்தில் என்னைப் போலத் திறப்புக் கோர்வையோடு திரிகிறவர்கள் பலர்.

போன ஆடி மாதம் ஒரு தம்பி போன் எடுத்தார். வவுனியாவிலிருந்து மாற்றலாகி வருகிறாராம். திருநெல்வேலியில் இருக்கும் என் மச்சாளின் வீட்டைச் சனிக்கிழமை காலை 10 மணிக்கு மனைவியோடு வந்து பார்ப்பதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை ஆள் பிடித்து முற்றம் கூட்டுவித்தேன். பூட்டிக் கிடந்த வீட்டில் ஒரு மாதத்து மாவிலைச் சருகு! கிணற்று மோட்டரைப் போட்டுத் தொட்டியையும் நிரப்பினேன். மச்சாள் இருப்பது ரொறன்ரோவில். வருகிறவர்களை வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்க வேண்டும் என்று அவவுக்கு ஆசை. ஆடி மாதத்தில் இங்கே காலை 10 மணி என்றால் அங்கே நள்ளிரவு தாண்டி 12:30. நித்திரை முழித்துக் காத்திருந்தா.

9:40க்கு ஒரு மெசேஜ் வந்தது: "ஐயா, இண்டைக்கு வர ஏலாது. அம்மாவுக்குச் சுகமில்லை."

பாவம் என்று நானே எடுத்து, "பரவாயில்லைத் தம்பி, செவ்வாய்க்கிழமை வாங்கோ" என்றேன். ஓம் என்றார். ஞாயிறன்று பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற ஒருவர் அதே வீட்டைக் கேட்டார். "ஒருத்தர் பார்க்க இருக்கினம்" என்று நிறுத்தி வைத்தேன். செவ்வாய் தம்பியின் போன் ஓஃப். படிப்பிக்கிறவரும் அதற்குள் வேறு இடம் பார்த்துவிட்டார். பிறகுதான் கேள்விப்பட்டேன்: தம்பி அந்தச் சனிக்கிழமைக்கு முதல் வியாழன் இரவே கொக்குவிலில் வீடு எழுதி முடித்துவிட்டாராம்.

வேறு வீடு எடுத்ததில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நாலு வீடு பார்த்துத்தான் ஒன்றை எடுப்பார்கள். என்னைக் கெடுத்தது அந்தச் சுகமில்லாத அம்மாதான். காரணம் தற்காலிகமானது என்றால் கேட்கிறவர் இன்னொரு நாள் தருவார். பொய் சொன்னவர் அதற்கும் ஓம் என்றுதான் சொல்ல வேண்டி வரும். "பிறகு சொல்லுறன்" என்பதும் அதே கதைதான். வீடு உங்கள் பெயரில் தூங்கும்.

வியாழன் இரவோ வெள்ளி காலையோ அந்தத் தம்பி எடுத்து இப்படிச் சொல்லியிருக்கலாம்: "ஐயா, சனிக்கிழமை வீடு பார்க்க வாறமெண்டு சொன்ன ஆள் கதைக்கிறன். எங்களுக்குக் கொக்குவிலில ஒரு வீடு சரிவந்திட்டுது, எழுதியும் போட்டம். அதால இனி வர மாட்டம். நீங்கள் மற்ற ஆக்களுக்குக் காட்டுங்கோ. வீட்டுக்கார அக்காவுக்கும் சொல்லிவிடுங்கோ." ஒரு நிமிஷம் போதும். 'மற்ற ஆக்களுக்குக் காட்டுங்கோ' என்பதை மட்டும் விடக் கூடாது. அதைக் கேட்டால்தான் எங்கள் கை அவிழும். எங்கள் வீட்டில் என்ன குறை, அந்த வீட்டில் என்ன நிறை என்ற கதை தேவையில்லை. தரகர் மூலம் வந்திருந்தால் முதலில் அவருக்குச் சொல்லுங்கோ. நான் சொல்லி அவர் அறிந்தால் அவருக்கு மனவருத்தம்.

அதற்காக அவசரப்பட்டும் மறுக்க வேண்டாம். "ஓம், தாறம்" என்று வாயால் சொன்ன வீடு உங்கள் வீடில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சொந்தம் வந்து நிற்கப்போகுது என்றவுடன் மாறிப்போன வாக்குகள் எனக்குத் தெரியும். ஒப்பந்தம் எழுதி, முற்பணம் கட்டி, துண்டு வாங்கிய பிறகு மற்ற வீட்டை விடுங்கோ. அது முடியும் முன் சனிக்கிழமை நெருங்கினால், உள்ளதைச் சொல்லலாம்: "வேற ஒரு வீடும் கதைச்சிருக்கிறம். வெள்ளி மத்தியானத்துக்கு முதல் ஓமோ இல்லையோ சொல்லுறன்." அப்படிச் சொன்னவருக்காக நான் முற்றம் கூட்டுவதைப் பின்னேரத்துக்குத் தள்ளி வைப்பேன்.

சில வேளை நாங்கள், "வாடகையைக் குறைச்சுத் தரலாம், ஒருக்கா வந்து பாருங்கோ" என்று இழுப்போம். எழுதி முடித்தவர், "காசுப் பிரச்சினையில்லை ஐயா, அங்க எழுதியாச்சு" என்று அதே வசனத்தைத் திருப்பிச் சொன்னால் போதும். 'எவ்வளவு குறைப்பியள்?' என்று கேட்டீர்களானால் பேரம் தொடங்கிவிட்டது. எங்களோடு ஏற்கெனவே பேரம் பேசி வாடகையை இறக்கியிருந்தால் மெசேஜ் போடாமல் எடுத்தே கதையுங்கோ. அந்தக் குறைப்புக்காக நான் மச்சாளோடு எத்தனை இரவு மல்லுக்கட்டியிருப்பேன்!

இன்னொன்று, பலர் மறப்பது. வீடு கேட்கும்போதே அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பியிருப்பீர்கள். விலகும்போது, "அந்தப் படத்தை அழிச்சுவிடுங்கோ ஐயா" என்று கேளுங்கோ. கேட்டால் நானும் அழிப்பேன். மச்சாளுக்கு அனுப்பியதையும் அழிக்கச் சொல்லுவேன். கேட்காதவர்களின் அட்டைகள் ஏழெட்டு இன்னும் என் போனில் கிடக்கின்றன. இன்றைக்கு வீட்டுக்குப் போய் அவற்றையும் அழிக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.