ஊர் திரும்பிய நாளும் என்ஆர்இ வட்டியும்

[திரையில்: பழைய சேமிப்புக் கணக்குப் புத்தகம்]

வெளிநாட்டில் வேலை கிடைத்துக் கிளம்பும்போது விசா, டிக்கெட் எல்லாம் பார்க்கிறோம். ஊரில் இருக்கும் பழைய சேமிப்புக் கணக்கை மட்டும் அப்படியே விட்டுவிட்டுப் போகிறோம். ஏடிஎம் கார்டு அப்பா கையில், ஓடிபி வரும் சிம் நம் பையில். நாள் ஓடிவிடும்.

ஆனால் வேலைக்காக இந்தியாவை விட்டுக் கிளம்பியவர், ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி கிளம்பிய நாளிலிருந்தே வெளிநாட்டில் வசிப்பவர். உள்நாட்டுக் கணக்கை அவர் அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கியில் சொல்லி அதை என்ஆர்ஓ கணக்காக மாற்றிவிட வேண்டும். கணக்கை மூட வேண்டியதில்லை. வீட்டு வாடகை, பழைய சேமிப்பு என்று இந்தியாவில் வரும் பணத்துக்கு அதுதான் இடம். வெளிநாட்டுச் சம்பளத்துக்குத் தனியாக ஒரு என்ஆர்இ கணக்கு.

மாற்றாவிட்டால் என்ன நஷ்டம்? அபராதத்தை விடுங்கள், அதற்கு முன்பே ஒன்று இருக்கிறது. சம்பளத்தைப் பழைய கணக்குக்கே அனுப்பினால், பின்னால் அது என்ஆர்ஓ ஆகும்போது அந்தப் பணமும் என்ஆர்ஓ பணமாகிவிடும். என்ஆர்இ பணத்தை எப்போது வேண்டுமானாலும் வெளிநாட்டுக்குத் திருப்பி எடுக்கலாம். என்ஆர்ஓ பணத்துக்கு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் என்ற உச்சவரம்பு உண்டு, வரி கட்டியதற்கான காகிதங்களும் கேட்பார்கள். வட்டியிலும் வித்தியாசம்: என்ஆர்இ வட்டிக்கு வரி இல்லை, என்ஆர்ஓ வட்டியில் பொதுவாக 30 சதவீதமும் செஸ்ஸும் டிடிஎஸ் ஆகப் பிடிப்பார்கள்.

[திரையில்: விமான நிலைய வருகை முத்திரை, ஜனவரி 1]

சரி, இப்போது திரும்பி வரும் கதை. நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான், அதனால் ஒரு கணக்கை நிதானமாகப் போட்டுப் பார்ப்போம்.

வளைகுடாவில் 8 வருடம் வேலை பார்த்தவர், வருடம் ஒரு மாதம் மட்டும் விடுமுறைக்கு ஊர் வந்தவர், ஜனவரி 1 அன்று நிரந்தரமாகத் திரும்புகிறார். என்ஆர்இ எஃப்டியில் 20 லட்சம் ரூபாய், 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,40,000 ரூபாய்.

அந்த நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. ஜனவரியிலிருந்து எண்ணினால் இந்தியாவில் இருந்தது சுமார் 90 நாள்தான். அதனால் வருமான வரிச் சட்டப்படி அந்த ஆண்டு முழுக்க அவர் வெளிநாட்டில் வசிப்பவராகவே இருக்கிறார். “அப்போ மார்ச் வரை வட்டிக்கு வரி இல்லை” என்றுதான் அவருக்குத் தோன்றும். அது தவறு. என்ஆர்இ வட்டிக்கு உள்ள வரிவிலக்கு ஃபெமாவைப் பிடித்துத் தொங்குகிறது. ஃபெமா இங்கே நாள் எண்ணுவதில்லை. நிரந்தரமாகத் தங்கும் நோக்கத்தோடு வந்து இறங்கிய அன்றே அவர் உள்நாட்டவர். ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரையிலான சுமார் 35,000 ரூபாய் வட்டி வரிக்கு உட்பட்டது.

வங்கிக்கு அவர் சொல்லவில்லை என்றால் கணக்கு என்ஆர்இ என்றே ஓடும், டிடிஎஸ்ஸும் பிடிக்க மாட்டார்கள். வட்டிச் சான்றிதழில் முழுத்தொகையும் வரிவிலக்கு போலவே தெரியும். அதை நம்பிக் கணக்குத் தாக்கல் செய்தால், பின்னால் வரியோடு அதற்கான வட்டியும் கட்ட நேரும்.

அதனால் வந்த கையோடு வங்கிக்குப் போய் என்ஆர்இ கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் வருகை முத்திரை, பான், உள்ளூர் முகவரிச் சான்று எடுத்துச் செல்லுங்கள். என்ஆர்ஓ கணக்கும் அதே நடையில் உள்நாட்டுக் கணக்காகட்டும். எஃப்டியை உடைக்கத் தேவையில்லை: கணக்கின் பெயர் மாறினாலும் ஒப்புக்கொண்ட வட்டி முதிர்வு வரை தொடரும். திரும்பிய தேதிக்கு முன், பின் என்று பிரித்த வட்டிச் சான்றிதழை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

[திரையில்: டாலர் வைப்புக் கணக்கு]

அவரிடம் எஃப்சிஎன்ஆர், அதாவது வெளிநாட்டு நாணயத்திலேயே போடும் வைப்பாக 20,000 டாலரும் இருக்கிறது. இதற்கு விதி வேறு. முதிர்வு வரை டாலராகவே, பழைய வட்டியிலேயே வைத்திருக்கலாம். வரியிலும் சலுகை உண்டு. நம் கணக்கில் உள்ளவர் அடுத்த இரண்டு நிதியாண்டுகளுக்கு ஆர்என்ஓஆர், அதாவது உள்நாட்டவர்தான், ஆனால் முழுமையாக அல்ல என்ற நிலையில் இருப்பார். முந்தைய 7 ஆண்டுகளில் இந்தியாவில் 729 நாளுக்கு மேல் இல்லாததால் கிடைக்கும் நிலை அது. அதுவரை எஃப்சிஎன்ஆர் வட்டிக்கு வரி கிடையாது. என்ஆர்இ எஃப்டிக்கு இந்தச் சலுகை பொருந்தாது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

முதிர்ந்த பிறகு அந்த டாலரை ரூபாயாக்கியே தீர வேண்டும் என்றில்லை. ஊர் திரும்பியவர்கள் வெளிநாட்டு நாணயத்தை அப்படியே வைத்திருக்கும் ஆர்எஃப்சி கணக்கு தொடங்கி அதில் போடலாம், ஆர்என்ஓஆர் நிலை முடியும்வரை அதன் வட்டிக்கும் வரி இல்லை. பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்புக்கு அதிலிருந்து நேராக அனுப்பலாம். மீண்டும் வெளிநாட்டு வேலை கிடைத்துப் போனால், அந்த இருப்பை என்ஆர்இ அல்லது எஃப்சிஎன்ஆர் கணக்குக்கே திருப்பிக்கொள்ளலாம்.