நாற்பதுக்கு ஒண்ணு எடுத்தேன், இருபதுமே நல்ல மூடி! | சாம்பிளிங் பேச்சு

வணக்கம் மக்களே. கேமராவுக்குப் பின்னாடி ஒரு நீளமான பட்டியல் ஒட்டியிருக்கேன், தெரியுதா? 1-லேருந்து 800 வரைக்கும் நம்பர். ஒவ்வொரு நம்பரும் ஒரு பிளாஸ்டிக் மூடின்னு வெச்சுக்கோங்க, மெஷின்லேருந்து வெளிய வந்த வரிசையில. இதுல 20 மூடிய எடுத்து சோதிக்கணும். எந்த 20?

முதல் வழி, ரேண்டம் நம்பர் டேபிள். 0-லேருந்து 9 வரைக்கும் இலக்கங்கள் எந்த ஒழுங்கும் இல்லாம அச்சடிச்ச பக்கம். 1927-லயே டிப்பெட்ங்கிற புள்ளியியல் நிபுணர் 41,600 இலக்கம் கொண்ட டேபிள் வெளியிட்டாரு. நம்ம பட்டியல் 800 வரைக்கும் போறதால மூணு மூணு இலக்கமா படிக்கணும். எங்க ஆரம்பிக்கிறது, எந்தப் பக்கமா படிக்கிறதுன்னு டேபிளப் பாக்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடணும். இப்ப ஒரு வரி படிக்கிறேன்: 28574 10936 40528 880. அப்போ 285, 741, 093, 640, 528 எல்லாம் உள்ள வருது. அடுத்து 880. நம்ம பட்டியல்ல அந்த நம்பரே கிடையாது, தூக்கிப் போடு. 000-வும் அப்படித்தான். ஏற்கெனவே வந்த நம்பர் திரும்ப வந்தாலும் விட்டுடணும். ஆயிரத்துல 200 நம்பர் இப்படி வீணாப் போகும், அதனால 20 கிடைக்க சுமாரா 25 தடவை படிக்க வேண்டியிருக்கும்.

இங்கதான் சிலபேர் கெட்டிக்காரத்தனம் பண்ணுவாங்க. 880 வந்தா 800-ஐக் கழிச்சு 80-னு எடுத்துக்குவாங்க. பண்ணாதீங்க! அப்படிப் பண்ணா 1-லேருந்து 199 வரைக்கும் இருக்குற மூடிக்கு மத்ததவிட ரெண்டு மடங்கு வாய்ப்பு வந்துடும்.

ரெண்டாவது வழி சிஸ்டமேட்டிக் சாம்பிளிங், இதவிட ரொம்ப சுலபம். 800-ஐ 20-ஆல வகுத்தா 40. ஒண்ணுலேருந்து நாற்பதுக்குள்ள ஒரே ஒரு நம்பர டேபிள்லேருந்து எடு, அப்புறம் நாற்பது நாற்பதா தாண்டிப் போ. எனக்கு 7 வந்துச்சு. 7, 47, 87, 127... 767 வரைக்கும், 20 மூடி. சோதிச்சா இருபதுமே நல்ல மூடி. ஆனா அந்த 800-ல 100 மூடி கெட்டது! எனக்கு எப்படித் தெரியும்? நான்தானே பட்டியலத் தயார் பண்ணேன்.

விஷயம் என்னன்னா, அந்த மெஷின் அச்சுல எட்டு குழி. முதல் மூடி முதல் குழியிலேருந்து, எட்டாவது எட்டாவதுலேருந்து, ஒன்பதாவது மறுபடி முதல் குழியிலேருந்துன்னு வரிசையா வருது. மூணாவது குழியில மட்டும் கீறல். நாற்பதுங்கிறது எட்டோட மடங்கு. அதனால 7-ல ஆரம்பிச்சா வர்ற எல்லாமே ஏழாவது குழி மூடிதான். 3-லயோ 11-லயோ ஆரம்பிச்சிருந்தா இருபதுமே கெட்டதா வந்திருக்கும். பாதி நல்லது பாதி கெட்டதுங்கிற பேச்சுக்கே இடமில்ல.

வேடிக்கையப் பாருங்க. நாற்பது ஆரம்பத்தையும் சேத்து சராசரி எடுத்தா சரியா 12.5 சதவீதம், அதாவது உண்மையான விடை. எந்தப் பக்கமும் சாயல. ஆனா நம்ம கையில இருக்குறது ஒரே ஒரு ஆரம்பம்தானே? இன்னும் மோசம், இருபதும் ஒரே மாதிரி இருக்குறதால வழக்கமான சூத்திரத்துல பிழை பூஜ்யம்னு காட்டும். தப்பான விடைய ரொம்ப நம்பிக்கையா சொல்லும்.

அப்போ சிஸ்டமேட்டிக்கே வேண்டாமா? அவசரப்படாதீங்க. நாற்பதுக்கு பதிலா 39 வெச்சுப் பாத்தேன். 7, 46, 85, 124, 163... குழி நம்பர் ஏழு, ஆறு, அஞ்சு, நாலு, மூணுன்னு இறங்கிட்டே போய் எட்டையும் சுத்தி வருது. 21 மூடி கிடைச்சுது, அதுல 3 கெட்டது. ஏறக்குறைய 14 சதவீதம். எந்த நம்பர்ல ஆரம்பிச்சாலும் ரெண்டோ மூணோ கெட்டது வரும், அவ்வளவுதான். டேபிள் வழியில 20 எடுத்தா ஒண்ணுகூட கெட்டது மாட்டாம போக சுமாரா நூத்துக்கு ஏழு வாய்ப்பு இருக்கு. ஆக 39 டேபிளையே ஜெயிச்சிடுது. ஒரே எண் வித்தியாசம்! பட்டியல் எப்படி உருவாச்சுன்னு தெரிஞ்சாதான் இது கைகொடுக்கும், தெரியலன்னா நான் டேபிள்தான் எடுப்பேன்.

தெரியல, ஆனா தாண்டித் தாண்டிதான் எடுக்கணும்னா? ஒரு ஆரம்பத்துக்கு பதிலா நாலு ஆரம்பம் எடுங்க. இடைவெளி 160, ஆரம்பங்கள் 1-லேருந்து 160-க்குள்ள டேபிள்லேருந்து. எனக்கு 7, 51, 90, 134 வந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் அஞ்சு அஞ்சு மூடி. கெட்டது எத்தனைன்னு எண்ணினா 0, 5, 0, 0. ஒரு குழுவுல எல்லாமே கெட்டது, மத்த மூணுலயும் ஒண்ணுகூட இல்ல. அதப் பாத்த உடனே நான் சதவீதக் கணக்க மூடி வெச்சுட்டு, 51, 211, 371, 531, 691 அஞ்சையும் எட்டால வகுத்துப் பாத்தேன். எல்லாத்துலயும் மீதி மூணு.